கூட்டு முயற்சி ஒப்பந்தம்: ஜூரோங் பணிமனைக் கட்டடச் சீரமைப்பு டெண்டர்

இந்த ஒப்பந்தம் 2026 மார்ச் 9 அன்று சிங்கப்பூரில் செய்யப்படுகிறது. முதல் தரப்பு, பொதுக் கட்டுமான வேலை செய்யும் நிலைத்தளம் கட்டுமானம் பிரைவேட் லிமிடெட் (இனி ‘நிலைத்தளம்’). இரண்டாம் தரப்பு, மின்வேலை செய்யும் கதிரொளி மின்பணி பிரைவேட் லிமிடெட் (இனி ‘கதிரொளி’).

1. நோக்கம்
ஜூரோங்கில் உள்ள நான்கு மாடிப் பணிமனையைச் சீரமைத்து, மின்கம்பிகளை மாற்றும் வேலைக்கான டெண்டர் அரசாங்கக் கொள்முதல் தளமான GeBIZ-இல் மார்ச் 27 மாலை 4 மணிக்கு முடிகிறது. அதற்கு இருவரும் சேர்ந்து ஒரே விலை கொடுக்கிறோம். தனியாகவோ வேறு நிறுவனத்துடன் சேர்ந்தோ இதே டெண்டருக்கு யாரும் விண்ணப்பிக்கக் கூடாது. கூட்டாக விண்ணப்பிப்பதை டெண்டர் ஆவணத்தில் வெளிப்படையாகச் சொல்வோம். எங்கள் விலையை வேறு எந்தப் போட்டியாளரிடமும் பேச மாட்டோம்.

இதற்காகத் தனி நிறுவனம் எதுவும் பதிவு செய்யப்படாது. ஆகவே வேலை கொடுப்பவர் முன் இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் முழுப் பொறுப்பு. ஒருவர் விட்டுப்போனால் அவர் பங்கு வேலையையும் மற்றவர் முடித்தாக வேண்டும். கையெழுத்துப் போடுமுன் இரு தரப்பும் நன்றாக யோசித்து ஒப்புக்கொண்டது இது.

2. கட்டுப்பாடு
நிலைத்தளம் தலைமை உறுப்பினர். அன்றாட வேலை, தள மேலாளர் நியமனம், வேலை கொடுப்பவருடன் கடிதப் போக்குவரத்து ஆகியவை அதன் பொறுப்பு. மின்வேலையின் தொழில்நுட்ப முடிவுகள் கதிரொளிக்கே உரியவை. அதில் தள மேலாளர் தலையிடக் கூடாது.

மேற்பார்வைக் குழுவில் இரு தரப்பிலிருந்தும் இருவர் வீதம் நால்வர் இருப்பர். லாபப் பங்கு நிலைத்தளத்துக்கு 60, கதிரொளிக்கு 40 என்றாலும் குழுவில் ஓட்டு சரிசமம். தலைவருக்குத் தீர்மான ஓட்டு கிடையாது. டெண்டர் விலை, 50,000 வெள்ளிக்கு மேற்பட்ட துணை ஒப்பந்தம், கடன், உத்தரவாதம், வழக்கு அல்லது சமரசத் தொகை ஆகிய எதற்கும் இரு தரப்பின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும். கூட்டு வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க இரு தரப்பின் கையெழுத்தும் வேண்டும்.

3. முட்டுக்கட்டை
டெண்டர் முடிவதற்கு இரண்டு வேலை நாள் முன்பு வரை விலையில் உடன்பாடு இல்லையென்றால் விண்ணப்பிக்க மாட்டோம்; அதுவரை ஆன செலவை அவரவர் ஏற்பர். கடைசி நாளில் ஒருவர் நெருக்கி மற்றவர் இறங்கிவரும் நிலை இருவருக்கும் வேண்டாம்.

வேலை கிடைத்த பிறகு குழு பிளவுபட்டால், 5 வேலை நாளுக்குள் நிர்வாக இயக்குநர்கள் இருவரும் நேரில் பேசுவர். அப்போதும் தீரவில்லையென்றால், அளவு, தரம், செலவு பற்றிய பிரச்சினை இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் கட்டுமான அளவு மதிப்பீட்டாளரிடம் போகும். அவர் 10 வேலை நாளுக்குள் சொல்வது இருவரையும் கட்டும். மற்றவை சிங்கப்பூர் சமரச நிலையத்துக்கும், 30 நாளில் அங்கும் தீராவிட்டால் சிங்கப்பூர் அனைத்துலக நடுவர் மன்ற நிலையத்துக்கும் போகும்.

இவை நடக்கும்போது தளத்தில் ஒரு நாள்கூட வேலை நிற்கக் கூடாது. பாதுகாப்பு, காலக்கெடு ஆகிய இரண்டில் மட்டும் தலைமை உறுப்பினரின் இடைக்கால உத்தரவு செல்லும். அதன் செலவு யாருடையது என்பதைப் பிறகு மேலே சொன்ன வழியில் தீர்த்துக்கொள்ளலாம்.

4. பணமும் லாபப் பங்கும்
நடைமுறை மூலதனம் 250,000 வெள்ளி. நிலைத்தளம் 150,000, கதிரொளி 100,000 போடும், வட்டி இல்லை. வரும் பணத்தில் பொருள்-சேவை வரி, வாங்கிய பொருள்களின் விலை, துணை ஒப்பந்தக்காரர்களின் தொகை, தள ஊழியர் சம்பளம் ஆகியவை முதலில் போகும். பிறகு மூலதனம் திரும்பும். மீதிதான் லாபம். தலைமை அலுவலகச் செலவையோ இயக்குநர் சம்பளத்தையோ யாரும் கணக்கில் ஏற்றக் கூடாது.

லாபத்தில் பத்தில் ஒரு பங்கு, 12 மாதக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும்வரை கூட்டுக் கணக்கில் இருக்கும். மீதி 60க்கு 40 பிரியும். நட்டமும் அதே விகிதம். ஆனால் ஒருவர் வேலையின் பிழையால் வந்த மறுவேலைச் செலவும் தாமத அபராதமும் லாபக் கணக்கில் சேராமல் அவர் பங்கிலிருந்தே கழிக்கப்படும். எடுத்துக்காட்டு: லாபம் 300,000 வெள்ளி, நிறுத்திவைப்பது 30,000, பிரிப்பது 270,000. நிலைத்தளத்துக்கு 162,000, கதிரொளிக்கு 108,000. கதிரொளியின் பிழையால் கூட்டுக் கணக்கிலிருந்து 20,000 செலவாகியிருந்தால் அது கையில் பெறுவது 88,000.

கணக்கு மாதந்தோறும் இருவருக்கும் திறந்திருக்கும். துணை ஒப்பந்தக்காரர்களின் பாக்கி தீராமல் லாபம் பிரிக்கப்படாது.

5. முடிவு
டெண்டர் வேறொருவருக்குப் போனால் ஒப்பந்தம் அன்றே முடியும். ரகசியம் காக்கும் கடமை மட்டும் தொடரும். வேலை கிடைத்தால், கடைசிப் பங்கு பிரித்ததும் முடியும். இதற்குச் சிங்கப்பூர்ச் சட்டம் பொருந்தும். மாற்றம் எதுவும் இரு தரப்பின் கையெழுத்துடன் எழுத்தில் இருந்தால்தான் செல்லும்.

இரு நிறுவனங்களின் நிர்வாக இயக்குநர்களும் சாட்சிகள் முன்னிலையில் மேற்கண்ட தேதியில் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி பெற்றுக்கொண்டனர்.