கை சுத்தம்: சான்றுகள் சொல்வதும் நம் கடலோர வார்டுகளும்

தொண்டியிலிருந்து மண்டபம் வரை பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. அதில் சோப்பு போட்டால் நுரை எழும்பாது, தோலும் வறண்டு போகும். இந்தக் கரையில் ‘கை கழுவுங்கள்’ என்று சுவரொட்டி ஒட்டினால் போதாது, நோயாளியின் கட்டிலருகே ஆல்கஹால் ஹேண்ட் ரப் இருக்க வேண்டும் என்பதே என் வாதம். ஆய்வு முடிவு வரும் இடத்திலேயே ஆசிரியர் பெயரும் ஆண்டும் தருகிறேன். பெயர் இல்லாத வாக்கியங்கள் என் கருத்து, அல்லது நர்சிங் பயிற்சியில் கண்டவை.

பணக்கார நாடுகளில் நடந்த 96 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கை சுத்தம் தேவைப்பட்ட தருணங்களில் அதைச் செய்தது இடைநிலையாக 40 சதவீதம்தான் (எராஸ்மஸ் மற்றும் பிறர், 2010). நோயாளியைத் தொடும் முன் 21, தொட்ட பின் 47. என்னைப் பொறுத்தவரை அந்தத் தொகுப்பின் சாரமே இந்த இடைவெளிதான். தன் கையில் அழுக்குப் பட்டதும் யாருக்கும் கழுவத் தோன்றுகிறது; தன் கையிலிருந்து அடுத்தவருக்குப் போவது கண்ணுக்குத் தெரிவதில்லை. கெளுத்தி முள் குத்திச் சீழ் வைத்த காலோடு மீனவர் வருகிறார். டிரஸ்ஸிங் முடிந்ததும் எல்லோரும் குழாயைத் தேடுவோம். கட்டைப் பிரிக்கும் முன் தேடுவோமா?

ஜெனீவா மருத்துவமனையில் கட்டிலருகே ஹேண்ட் ரப், சுவரொட்டி, செயல்பாட்டுப் பின்னூட்டம் எல்லாம் சேர்ந்து 1994-ல் 48 சதவீதமாக இருந்த கை சுத்தத்தை 1997-ல் 66 ஆக்கின. மருத்துவமனைத் தொற்று 16.9-லிருந்து 9.9 சதவீதமானது (பிட்டெட் மற்றும் பிறர், 2000). அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு. ஆனால் ஒப்பீட்டுக் குழு கிடையாது, எந்த அம்சம் வேலை செய்தது என்றும் பிரிக்க முடியாது. ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் பின்னர் வந்த மீளாய்வும் சான்றின் உறுதி பெரும்பாலும் குறைவு என்றே எடைபோட்டது (கௌல்டு மற்றும் பிறர், 2017).

அப்புறம், அளக்கும் முறையிலேயே ஒரு சிக்கல். தணிக்கையாளர் கண்ணில் படும் இடங்களில் கை சுத்தம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் நடந்ததை மின்னணுக் கருவிகள் காட்டிக்கொடுத்தன (ஸ்ரிக்லி மற்றும் பிறர், 2014). நோட்டோடு சிஸ்டர் வார்டுக்குள் வந்தால் நாங்களும் அப்படித்தான்.

ஹேண்ட் ரப்புக்கு 20-30 விநாடி, சோப்புக்கு 40-60 விநாடி (உலக சுகாதார அமைப்பு, 2009). வார்டுக் கோடியிலுள்ள குழாய்வரை நடப்பதும் இதில் சேராது. கையில் ரத்தமோ சேறோ தெரிந்தாலும், வயிற்றுப்போக்கு நோயாளியைப் பார்த்தாலும் சோப்பும் நல்ல தண்ணீரும்தான். அதற்கு லாரித் தண்ணீரில் ஒரு டிரம்மை ஒதுக்கி வைக்கலாம். மற்ற நேரத்துக்கு பாட்டில் டிரஸ்ஸிங் டிராலியின் மேல்தட்டில் இருக்கட்டும். கீழ்த்தட்டில் பஞ்சு டப்பாவுக்குப் பின்னால் பம்ப் அடைத்துக் கிடந்தால் யார் குனிந்து எடுப்பார்கள்? தணிக்கை நோட்டை மட்டும் நம்பாமல், வாரம் எத்தனை பாட்டில் தீர்ந்தது என்பதையும் ஸ்டோர் ரிஜிஸ்டரில் பார்த்துக்கொள்ளலாம்.