2025 தீபாவளிக்கான சரக்குத் திட்டம்

யாழ்ப்பாணம்,
24.09.2025

மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு,

ஒக்டோபர் 20, திங்கட்கிழமை வரும் தீபாவளிக்கு வாங்க வேண்டிய சரக்கையும் பெட்டிகளையும் கடந்த ஆண்டு பற்றுச்சீட்டுகளைக் கொண்டு கணக்கிட்டுத் தங்கள் அனுமதிக்காகச் சமர்ப்பிக்கிறேன். விலைகள் மாறியிருப்பதால் ரூபாய்க் கணக்கை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் கிலோவிலேயே பார்த்திருக்கிறேன்.

கடந்த ஆண்டு தீபாவளி வாரத்தில் லட்டு 420 கிலோவும், மஸ்கற் 180 கிலோவும், மைசூர்பாகு 164 கிலோவும் விற்றன. ஆனால் விற்றது வேறு, கேட்கப்பட்டது வேறு. தீபாவளிக்கு முந்திய நாள் மாலை 5 மணிக்கு லட்டு முடிந்துவிட்டது. அதற்கு முந்திய இரண்டு மணித்தியாலத்தில் மட்டும் 28 கிலோ போயிருந்தது. அதே வேகத்தில் இரவு 9 மணி வரை போயிருந்தால் இன்னும் 56 கிலோ விற்றிருக்கும். எனினும் வெறுங்கையுடன் திரும்பியவர்களில் சிலர் மறுநாட் காலை வந்தார்கள் என்பதாலும், சிலர் லட்டுக்குப் பதிலாக மஸ்கற் வாங்கிச் சென்றார்கள் என்பதாலும், லட்டுக்கு 40 கிலோவை மட்டும் கூட்டி, மஸ்கற்றில் 10 கிலோவைக் கழித்திருக்கிறேன். மைசூர்பாகில் கடைசி நாள் விலை குறைத்துத் தள்ளிய 20 கிலோவையும் விற்பனையாகக் கொள்ளவில்லை. ஆக, உண்மையான கேள்வி லட்டுக்கு 460, மஸ்கற்றுக்கு 170, மைசூர்பாகுக்கு 144 கிலோ.

இவ்வாண்டு நல்லூர்த் திருவிழாக் காலத்தில் எமது விற்பனை எடையளவில் முன்னைய ஆண்டைவிட நூற்றுக்கு 6 வீதம் கூடியிருந்தது. அதே வீதத்தைச் சேர்த்தால் லட்டு 490, மஸ்கற் 180, மைசூர்பாகு 150 என மொத்தம் 820 கிலோ தேவைப்படும். இதற்கு மேல் கூட்ட எனக்கு மனமில்லை. கடந்த ஆண்டு தீபாவளி ஒக்டோபர் 31 ஆம் திகதி, சம்பளம் கைக்கு வந்த பிறகு வந்தது. இம்முறை சம்பளத்துக்கு முன்னரே வந்துவிடுகிறது. சனி, ஞாயிறு இரண்டும் முன்னே இருப்பதால் கூட்டம் குறையாது, ஆனால் ஒரு கிலோ வாங்குபவர் அரைக் கிலோவுடன் நிற்கக்கூடும் என்பது என் கணிப்பு.

எமது அடுக்களைக் கணக்கின்படி 10 கிலோ லட்டுக்குக் கடலை மா 3 கிலோவும் சீனி 4.7 கிலோவும், மைசூர்பாகுக்கு மா 2, சீனி 4 கிலோவும், மஸ்கற்றுக்குக் கோதுமை மா 2.5, சீனி 5 கிலோவும் செல்கின்றன. அப்படியானால் சீனி 380 கிலோ. சேதாரம் சேர்த்து 50 கிலோ மூடைகள் 8 எடுக்க வேண்டும். கடலை மா, மிக்சருக்கான 38 கிலோவுடன் 215 கிலோ ஆவதால் 25 கிலோப் பைகள் 9 போதும். கோதுமை மா 45, கஜு 15, பிளம்ஸ் 8 கிலோ. மைசூர்பாகுக்கு நெய்யும் எண்ணெயும் சேர்த்து 56 கிலோ. அன்றாட வியாபாரத்துக்கான சரக்கு இதில் அடங்காது. சீனியையும் மாவையும் ஒக்டோபர் 8 ஆம் திகதிக்குள் இறக்கலாம்; கஜுவை மட்டும் முன்கூட்டி வாங்கி வைக்க வேண்டாம், மழைக்காலத்தில் நமத்துவிடும்.

பெட்டிகள்தான் எனக்குக் கவலை. கடந்த ஆண்டு அச்சகம் ஐந்து நாள் பிந்தியதால் அவசரத்துக்கு வெள்ளைப் பெட்டி வாங்க நேர்ந்தது. விற்ற எடையில் நூற்றுக்கு 72 வீதம் பெட்டியில் போனது. அதன்படி இவ்வாண்டு 590 கிலோவுக்குப் பெட்டி வேண்டும். முன்பு ஒரு கிலோப் பெட்டி 310, அரைக் கிலோ 380, கால் கிலோ 200 செலவாயின. மேலே சொன்ன காரணத்தால் இம்முறை முறையே 260, 530, 260 எனப் பிரித்திருக்கிறேன். மடிப்பில் கிழிபவற்றுக்கும் ஈரம் பட்டவற்றுக்கும் நூற்றுக்கு 4 வீதம் கூட்டி, களஞ்சியத்தில் நல்ல நிலையில் உள்ள 30 ஒரு கிலோப் பெட்டிகளைக் கழித்து, 50 பெட்டிக் கட்டுகளாகப் பார்த்தால் 250, 600, 300 வரும். அச்சில் ஆண்டைப் போடாவிட்டால் மிஞ்சுவது தைப்பொங்கலுக்கு உதவும். முற்பணத்தை இவ்வாரமே கொடுத்து, ஒக்டோபர் 6 ஆம் திகதிக்குள் தருவதாக எழுத்தில் வாங்க வேண்டும். வந்தவற்றைச் சுவரோரம் அடுக்காமல் பலகை மேல் வைப்பதை நானே பார்த்துக்கொள்கிறேன்.

இரண்டு தாச்சிகளில் நாளொன்றுக்கு 120 கிலோ லட்டுக்கு மேல் முடியாது. ஆகையால் 15 ஆம் திகதி முதல் 18 வரை 430 கிலோவைப் பிடித்துவிட்டு, மீதி 60 கிலோவுக்கான மாவையும் சீனியையும் தொடாமல் வைப்போம். சனிக்கிழமை இரவு எண்ணும்போது 250 கிலோவுக்கு மேல் விற்றிருந்தால் ஞாயிறு அதிகாலை அடுப்பை மூட்டலாம். இல்லையேல் அந்தச் சரக்கு அன்றாட வியாபாரத்துக்குப் போகும்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் தங்கள் முடிவை அறிவித்தால் சனிக்கிழமை காலையே மொத்தக் கடைக்கும் அச்சகத்துக்கும் போய்வருவேன்.

இப்படிக்கு,
களஞ்சியப் பொறுப்பாளர்