அப்பாவுக்காக எழுதின எல்லாருக்கும்

பத்து நாளாக இந்த குரூப்பைத் திறக்கவே கை வரவில்லை. நேற்று ராத்திரி அம்மா தூங்கின பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தேன், வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டேன். மொத்தமாக ஒரு ‘நன்றி’ போட்டுவிட்டுப் போக மனசில்லை. தனித்தனியாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளும். யாரையாவது விட்டிருந்தால் என் மறதிதான், வேறொன்றும் நினைக்காதீர்கள்.

புனலூர் மாமா, நீங்கள் எழுதினதை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயிலாகி வீட்டுக்குச் சொல்லாமல் செங்கோட்டைக்கு ரயிலேறி வந்தது, அப்பா ஒன்றும் கேட்காமல் மறுநாள் உங்களையும் டியூட்டிக்குக் கூட்டிப்போனது, பகவதிபுரத்திலிருந்து குகை வரை அவர் சுத்தியலால் ஒவ்வொரு கீயாகத் தட்டிக்கொண்டே போக நீங்கள் பின்னாலேயே நடந்தது, அப்புறம் தூக்குவாளிச் சோற்றில் முக்கால்வாசியை உங்களுக்குத் தள்ளினது, இது எதுவுமே எங்களுக்குத் தெரியாது மாமா. அம்மா மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அதான் அன்னைக்கு வந்ததும் வராததுமா பழையது இருக்கான்னு கேட்டாரா” என்றாள். இத்தனை வருஷம் கழித்து அந்தக் கேள்விக்குப் பதில் வந்திருக்கிறது. அந்தச் சுத்தியல் இன்னும் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது, வரும்போது பாருங்கள்.

கொல்லம் அத்தை, உங்கள் வாய்ஸ் மெசேஜில் பாதிக்கு மேல் அழுகைதான், ஆனாலும் “அண்ணன் 2018-ல் புது ரயில் ஓடினப்போ முதல்ல எனக்குத்தான் போன் போட்டான்” என்றது தெளிவாகக் கேட்டது. எனக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2010-ல் மீட்டர்கேஜை நிறுத்தினதிலிருந்து ஸ்டேஷன் பக்கமே போகாமல் இருந்த மனுஷன், அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அத்தை. முட்டி வலியோடு விசேஷத்துக்கு வந்தே ஆகணும் என்று இல்லை, அம்மாவிடம் தினமும் ஒரு தடவை பேசினால் போதும், சாயங்காலம்தான் அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

இலத்தூர் அத்தான், உங்களுக்கு எப்படிப் பதில் போடுவது என்று ரொம்ப நேரம் யோசித்தேன். நீங்கள் அனுப்பினதில் ‘தங்கள் அன்புத் தாயாரின் மறைவுக்கு’ என்று இருக்கிறது. வேறு யாருக்கோ போட்டதை அப்படியே இங்கே தட்டிவிட்டீர்கள் போல. அம்மா பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தாள், “என்னையும் சேர்த்து அனுப்பிட்டாரே உங்க அத்தான்” என்று சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதனால் அழிக்க வேண்டாம், இருக்கட்டும். சுடுகாட்டுக்கும் வீட்டுக்கும் மழையில் எத்தனை நடை நடந்தீர்கள் என்று எங்களுக்குத் தெரியும் அத்தான், மெசேஜா முக்கியம்.

திருவனந்தபுரம் பெரியப்பா, அப்பா சொல்வதை நீங்கள் அப்படியே எழுதியிருந்தீர்கள்: “நான் பிறந்தப்போ செங்கோட்டை திருவிதாங்கூர்ல இருந்தது, 56-ல ஊரையே மாத்தி என்னைத் தமிழ்நாட்டுக்காரன் ஆக்கிட்டாங்க, இல்லேன்னா நானும் மலையாளிதான்.” அவர் குரலிலேயே கேட்டது. கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரியில் மலையாள நர்ஸிடமும் இதையே சொன்னார், அந்தப் பெண்ணும் சளைக்காமல் மலையாளத்திலேயே பேசினாள்.

கடைசி நேரத்தில் என்ன ஆச்சு, ஏன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவில்லை என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அக்கறையில் கேட்கிறீர்கள், தெரியும். ஆனால் இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன், அம்மாவும் இதைப் படிக்கிறாள். எனக்குப் போன் போடுங்கள், சொல்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள், வீட்டில்தான் வைத்திருக்கிறோம். பாலருவியில் வருகிறவர்கள் நடுராத்திரிக்கு மேல்தான் செங்கோட்டையில் இறங்குவீர்கள். எழுப்பக் கூடாது என்று பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்காதீர்கள், தம்பி வண்டியோடு நிற்பான். காரில் வந்தால் புளியரை செக்போஸ்ட் தாண்டினதும் ஒரு போன் போட்டால் போதும்.

பெங்களூர் குட்டி, உன்னிடமிருந்து ‘தாத்தா’ என்று ஒரு வார்த்தை மட்டும் வந்திருக்கிறது, அதுவும் விடியற்காலை மூன்று மணிக்கு. அதற்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லைடா. அவருடைய டார்ச்சை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். கண்ணாடியில் ஒரு கீறல் இருக்கிறது, பேட்டரி மாற்றணும்.