வீட்டிலிருந்து முதலில் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளுக்கு: கிரெடிட், வருகை, இன்டர்னல், ஆசிரியர்கள்

முதலாமாண்டு மாணவ மாணவியருக்கு,

உங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவர் நீங்கள்தான் என்றால், இந்தத் தாள் உங்களுக்காகத்தான். அண்ணனோ அக்காவோ டிகிரி முடித்த வீடுகளில் அரியர், கண்டோனேஷன் எல்லாம் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே பிள்ளைகள் காதில் விழுந்துவிடும். கொல்லங்கோட்டிலிருந்தோ அருமனையிலிருந்தோ ஆரல்வாய்மொழியிலிருந்தோ தனியாகப் பஸ் ஏறி வருகிற உங்களுக்கு அதைச் சொல்ல ஆள் இருந்திருக்காது. அது அறிவுக் குறைவு அல்ல. படிக்க முடியாமல் நின்றுபோகிறவர்களைவிட, ஒரு விதி தெரியாமல் சிக்கி, கேட்கக் கூச்சப்பட்டு நின்றுபோகிறவர்களே அதிகம் என்பதைத் துறையில் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதனால் கேட்டுவிடுங்கள். இந்தத் தாள் முழுக்க நாங்கள் சொல்ல வருவது அதுதான்.

கிரெடிட்

பள்ளியில் பாடத்துக்கு மதிப்பெண் மட்டும்தான். இங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு எடையும் உண்டு, அதற்குப் பெயர் கிரெடிட். பாடத்தில் பாஸ் ஆனால் அதன் கிரெடிட் முழுசாக உங்கள் கணக்கில் சேரும். ஃபெயில் ஆனால் ஒன்றுகூடச் சேராது. பாதி கிரெடிட் என்று எதுவும் கிடையாது.

உங்கள் முதல் செமஸ்டரில் இருப்பவை: பகுதி ஒன்றில் மொழிப்பாடம் 3 (தமிழோ மலையாளமோ, நீங்கள் எடுத்தது), பகுதி இரண்டில் ஆங்கிலம் 3, மேஜர் பாடங்கள் இரண்டுக்கும் தலா 5, எலெக்டிவ் 3, திறன் மேம்பாட்டுப் பாடம் 2, அடிப்படைப் பாடம் 2. கூட்டினால் 23. மூன்று வருடத்தில், ஆறு செமஸ்டரில், மொத்தம் 140 கிரெடிட் சேர்த்தால்தான் டிகிரி.

‘ரெண்டு கிரெடிட் பேப்பர்தானே’ என்று விடுகிறவர்கள் எல்லா வருடமும் இருக்கிறார்கள். மேஜர் எல்லாம் முதல் வகுப்பில் பாஸ் செய்துவிட்டு, அந்த ஒரு சின்னப் பேப்பரால் 138-இல் நின்றாலும் டிகிரி கையில் வராது. என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு போன்ற விரிவாக்கப் பணிகளுக்கும் கிரெடிட் உண்டு. எதில் சேருவது என்று முதல் மாதத்திலேயே பெயர் கொடுத்துவிடுங்கள்.

வருகைப்பதிவு

ஒரு செமஸ்டருக்கு வேலை நாள் 90. அதில் 75 சதவீதம் வந்திருக்க வேண்டும், அதாவது 68 நாள். 22 நாள் வரை வராமல் இருக்கலாம் என்று கேட்கும்போது நிறைய இருப்பதுபோலத் தோன்றும். அது எப்படிக் கரைகிறது என்று பாருங்கள்.

வருகை நாளுக்கு இரண்டு தடவை கணக்காகிறது, காலை பாதி, மதியம் பாதி. முதல் ஹவருக்கு நீங்கள் வரவில்லை என்றால் காலைப் பாதி போய்விட்டது. விடியற்காலையில் அப்பாவோடு ரப்பர் வெட்டப் போய்விட்டு, ஷீட் அடித்து, குளித்து, குலசேகரத்தில் பஸ் பிடித்து வருகிற பையன் வாரத்தில் இரண்டு நாள் முதல் ஹவரைத் தவறவிடுகிறான் என்று வையுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் போகிறது. 18 வாரத்தில் 18 நாள். நடுவில் ஐந்து நாள் காய்ச்சல் வந்தால் 23. அவன் ஒரு நாள்கூடச் சும்மா ஊர் சுற்றவில்லை, ஆனாலும் 75-க்குக் கீழே போய்விட்டான்.

இப்படி வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள் உங்களில் பலர். கடலுக்குப் போகிறவர்கள், முந்திரி ஆலை வேலைக்கு அம்மாவோடு போகிறவர்கள், முகூர்த்த நாளில் கேட்டரிங்குக்குப் போகிறவர்கள் எல்லாரும் இருக்கிறீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. வகுப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே, உங்களைக் கவனித்துக்கொள்ள ஒதுக்கப்பட்ட ஆசிரியரான மென்டரிடம் சொல்லிவையுங்கள். செமஸ்டர் முடிவில் சொன்னால் நாங்கள் செய்யக்கூடியது மிகக் குறைவு, முதலிலேயே சொன்னால் நிறைய இருக்கிறது.

75-க்குக் கீழே, 65 வரை இருந்தால் தகுந்த காரணமும் சான்றும் காட்டி, வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான கண்டோனேஷன் கட்டணம் கட்டித் தேர்வு எழுதலாம். 65-க்கும் கீழே என்றால் அந்த செமஸ்டருக்கு ஹால் டிக்கெட் வராது. 50-க்கும் கீழே இறங்கினால் அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டும்.

இன்னும் சில விஷயங்கள். மண்டைக்காடு கொடைக்கும் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள், அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். அந்தச் சனிக்கிழமைக்கும் வருகை உண்டு, பலர் மறந்து வீட்டில் இருந்துவிடுகிறார்கள். கல்லூரி சார்பில் போட்டிக்கோ முகாமுக்கோ போனால், அந்த நாளும் வருகையாகக் கணக்காக ஓ.டி. படிவத்தைப் போவதற்கு முன்னாலேயே கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் இருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைத் திரும்பி வந்த அன்றே கொடுங்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்குகிறவர்கள், படிப்பு இடையில் நின்றால் அந்தத் தொகையும் நிற்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்டர்னல் மதிப்பெண்

ஒரு பாடத்துக்கு 100. அதில் 75 பல்கலைக்கழகத் தேர்வு, அதுதான் எக்ஸ்டர்னல். மீதி 25 இன்டர்னல், அதைப் போடுவது உங்கள் ஆசிரியர். நம் கல்லூரியில் அந்த 25 இப்படிப் பிரிகிறது: மூன்று டெஸ்டில் நல்ல இரண்டின் சராசரி 20-க்கு, அசைன்மென்ட் 5-க்கு. பாஸ் ஆக எக்ஸ்டர்னலில் குறைந்தது 30-உம், இரண்டும் சேர்த்து 40-உம் வேண்டும்.

ஒரு கணக்கு. ஒரு மாணவி மூன்று டெஸ்டில் 8, 14, 16 வாங்குகிறார். 8-ஐ விட்டுவிட்டு மற்ற இரண்டின் சராசரி 15. அசைன்மென்டில் 4. இன்டர்னல் 19. எக்ஸ்டர்னலில் 30 எடுத்தாலே அவர் பாஸ். இன்னொருவர் 6-உம் 8-உம் வாங்கி, ஒரு டெஸ்டுக்கு வரவே இல்லை, அசைன்மென்டும் வைக்கவில்லை. அவருக்கு இன்டர்னல் 7. எக்ஸ்டர்னலில் 33 வேண்டும். மூன்று மார்க்தானே கூடுதல் என்று தோன்றும். ஆனால் எக்ஸ்டர்னலில் இருவரும் 50 எடுத்தால் ஒருவருக்கு 69, மற்றவருக்கு 57. மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கும் நாளில் இந்த இடைவெளியின் அர்த்தம் தெரியும்.

முக்கியமானது ஒன்று. ஒரு பாடத்தில் ஃபெயில் ஆகி அரியர் விழுந்தால் எக்ஸ்டர்னலை மட்டும்தான் மறுபடி எழுதுவீர்கள். இன்டர்னல் பழையதே நிற்கும், 7 என்றால் எத்தனை தடவை எழுதினாலும் 7-தான். முதல் செமஸ்டரில் அசட்டையாக விட்ட அசைன்மென்ட் மூன்றாம் வருடம் வரை கூடவே வரும்.

பல்கலைக்கழகத்துக்கு மதிப்பெண்ணை ஏற்றுவதற்கு முன்னால் இன்டர்னல் பட்டியலைக் காட்டி உங்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். ‘சைன் பண்ணு, சைன் பண்ணு’ என்று பின்னால் நிற்கிறவர்கள் அவசரப்படுத்துவார்கள். அவசரப்படாதீர்கள். உங்கள் டெஸ்ட் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாடத்தையும் சரிபாருங்கள். தவறு இருந்தால் அங்கேயே சொல்லுங்கள். ஏற்றிய பிறகு மாற்றுவது யாருக்கும் எளிதல்ல. அதனால் திருத்திக் கொடுக்கிற டெஸ்ட் தாள் எதையும் தூக்கிப்போடாமல் ஒரு ஃபைலில் வையுங்கள்.

இன்டர்னலுக்காகப் பணமோ பரிசோ வேறு எதுவுமோ யாரும் உங்களிடம் கேட்கக் கூடாது. கேட்டால் அன்றைக்கே மென்டரிடமோ முதல்வரிடமோ சொல்லுங்கள்.

ஆசிரியரிடம் எப்படிப் போவது

இதற்குத்தான் நீங்கள் அதிகம் பயப்படுகிறீர்கள். ஸ்டாஃப் ரூம் வாசல் வரை வந்து, ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற பிள்ளைகளை உள்ளே உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு நன்றாகவே தெரிகிறது. உள்ளே வாருங்கள்.

மதிய இடைவேளையில் சாப்பாடு முடிந்த பிறகும், கடைசி ஹவர் முடிந்த உடனேயும் நல்ல நேரம். ஒவ்வொருவரும் எப்போது வகுப்பில் இருப்பார் என்ற அட்டவணை கதவில் ஒட்டியிருக்கும். அன்றைக்கு அட்டவணையின் எத்தனையாவது நாள் என்று சொல்லும் டே ஆர்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று ‘சார், உள்ள வரலாமா?’ அல்லது ‘மிஸ், ஒரு நிமிஷம்’ என்று கேட்டால் போதும். செருப்பைக் கழற்றவோ கைகட்டி நிற்கவோ வேண்டாம். பெயர், வகுப்பு, ரோல் நம்பர் மூன்றையும் முதலில் சொல்லுங்கள். அறுபது பேர் உள்ள வகுப்பில் முதல் மாதத்தில் எல்லாப் பெயரும் எங்களுக்கு நினைவில் நிற்காது.

ஆங்கிலத்தில் பேசினால்தான் மதிப்பார்கள் என்ற எண்ணம் வேண்டாம். நீங்கள் வீட்டில் பேசுகிற தமிழிலேயே கேளுங்கள், எங்களில் பலர் வீட்டிலும் அதே பேச்சுதான். ‘ஒண்ணும் புரியல’ என்று பொதுவாகச் சொல்வதைவிட நோட்டைத் திறந்து இடத்தைக் காட்டுங்கள்: ‘மிஸ், இந்த மூணாவது வரி வரைக்கும் வந்துட்டேன். இதுல இருந்து நாலாவது வரி எப்படி வந்துதுன்னு தெரியல.’ இப்படிக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியிருந்தால் வெறும் ‘ஹாய் சார்’ போட்டுக் காத்திருக்காதீர்கள். இரவு எட்டு மணிக்குள், ஒரே செய்தியில், இப்படி:

‘வணக்கம் மிஸ். நான் சுபிதா, முதலாமாண்டு கணிதம், ரோல் நம்பர் 27. அப்பாவை ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் சேர்த்திருக்கிறோம். நாளையும் மறுநாளும் வர முடியாது. வியாழக்கிழமை டெஸ்டை எப்போது எழுதலாம் என்று திங்கட்கிழமை வந்து கேட்கிறேன்.’

பதில் உடனே வராவிட்டால் கோபம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சொன்னபடி திங்கட்கிழமை நேரில் வந்துவிடுங்கள்.

ஒரு ஆசிரியர் எரிந்து விழுந்தார் என்றால் மனசு சுருங்கிப் போகும், அது எங்களுக்குப் புரிகிறது. அதற்காக அந்த வகுப்புக்கே வராமல் இருந்துவிடாதீர்கள். மென்டரிடம் வாருங்கள், அடுத்து துறைத்தலைவர், அதற்கு மேல் முதல்வர். யாராவது சாதியையோ ஊரையோ உடையையோ சொல்லி இழிவுபடுத்தினாலும், தப்பாக நடந்துகொண்டாலும், அதை விசாரிக்கக் கல்லூரியில் புகார்க் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்கள் பெயர் அலுவலகப் பலகையில் உள்ளது. ராகிங் என்றால் 1800-180-5522 என்ற தேசிய இலவச எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

முதல் மென்டர் கூட்டம்

வரும் வெள்ளிக்கிழமை கடைசி ஹவரில், உங்கள் வகுப்பறையிலேயே. ஒரு மென்டருக்கு இருபது பேர். ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்க நகல், பஸ் பாஸ் எடுக்க இரண்டு போட்டோ கொண்டுவாருங்கள். உங்கள் கிரெடிட் சேருகிற கணக்கின் எண்ணான ஏபிசி ஐடியை இன்னும் எடுக்காதவர்களுக்கு டிஜிலாக்கரில் எடுக்க அங்கேயே உதவுவோம், ஆதாரோடு இணைத்த எண் உள்ள போன் வேண்டும். வீட்டில் ஒரே போன்தான், அது அப்பாவிடம் இருக்கிறது என்றால் பரவாயில்லை, அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். உங்கள் அப்பா அம்மாவுக்கும் எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கும்.