தென்னை விழுந்து எங்கள் வீட்டுக் கூரை உடைந்தது தொடர்பாக

பேராவூரணி
24.10.2025

அன்புள்ள கோவிந்தராஜ் அண்ணனுக்கு,

வணக்கம். அண்ணியும் பிள்ளைகளும் நலம்தானே? இங்கே எங்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நேற்று போனில் அவசரமாகப் பேசியதில் எல்லாவற்றையும் சொல்ல முடியவில்லை. இன்சூரன்ஸ் விஷயம் எழுத்தில் இருப்பதும் நல்லது, அதனால்தான் இந்தக் கடிதம். புதன்கிழமை (22.10.2025) இரவு பத்தரை மணிவாக்கில் காற்றும் மழையுமாக இருந்தபோது, உங்கள் கொல்லையில் கிணற்றை ஒட்டி நின்ற தென்னை அடியோடு முறிந்து எங்கள் வீட்டு முன்கட்டின் மேல் விழுந்துவிட்டது. கஜாவில் தப்பித்து, 2018 நவம்பரிலிருந்து எங்கள் பக்கம் சாய்ந்தே நின்றதே, அந்த மரம்தான். காம்பவுண்டுச் சுவரின் மேல்வரிசை பெயர்ந்துவிட்டது. முகட்டு ஓடுகளும் தெற்குப் பக்கத்து ஓடுகளும் நொறுங்கிவிட்டன. இரண்டு கைமரம் முறிந்து ரீப்பர்கள் தொங்குகின்றன. திண்ணை அறையில் இருந்த பீரோவும் அம்மாவின் கட்டிலும் நனைந்துவிட்டன. சர்வீஸ் வயர் அறுந்ததை மறுநாள் காலையிலேயே லைன்மேன் வந்து சரிசெய்துவிட்டார்.

ஆசாரி வந்து பார்த்துவிட்டு, மரம், ஓடு, கூலி எல்லாம் சேர்த்து எண்பதாயிரத்துக்குக் குறையாது என்கிறார். சுவர் அதில் சேரவில்லை.

இந்தப் பணத்தை உங்களிடம் கேட்டு நான் எழுதவில்லை, அண்ணா. நாம் இருவரும் அவரவர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லிவிடுவோம் என்பதுதான் என் யோசனை. பின்கட்டுக்குத் தளம் போடக் கடன் வாங்கியபோது வங்கியில் எனக்கு பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி எடுத்துக் கொடுத்தார்கள். புயல் காற்றுச் சேதத்தோடு, மரம் போன்ற வெளிப்பொருள் வந்து விழுவதும் அதில் வருகிறது. நீங்கள் மாடி எடுத்தபோதும் வங்கியே வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டதாகச் சொன்னீர்கள். அந்தப் பாலிசியைத் தேடி எடுத்து, பிரீமியம் நடப்பில் இருக்கிறதா, மூன்றாம் நபருக்கு ஏற்படும் சேதத்துக்கான பொறுப்பு அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சில பாலிசிகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது.

என் கம்பெனிதான் கொடுக்கப்போகிறதே, நாம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்குக் கொடுத்த பணத்தை மரத்துக்காரரிடம் திருப்பிக் கேட்கும் உரிமை என் கம்பெனிக்கு உண்டு. காற்றில் விழுந்த மரம் என்பதால் கேட்காமலும் போகலாம். ஆனால் ஆறு மாதம் கழித்து ஒரு நோட்டீஸ் வந்து, அதன்பிறகு நீங்கள் உங்கள் கம்பெனியிடம் போனால், ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று அவர்கள் தட்டிக்கழிக்க இடமாகிவிடும். அதேபோல, 'செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன்' என்று தயவுசெய்து யாருக்கும், எனக்கும்கூட, எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் மனசு எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். கம்பெனியைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொண்டால் அதுவே உங்கள் கிளைமுக்குத் தடையாகிவிடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முறிந்த இடத்தில் தூர் உள்ளே பஞ்சாக இருக்கிறது, பட்டையில் செம்பழுப்பாகச் சாறு வடிந்து காய்ந்த தடம் தெரிகிறது. பார்த்தவர்கள் தஞ்சாவூர் வாடல் என்கிறார்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது உங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? இருந்தாலும் சர்வேயர் வந்தால் கண்ணில் படத்தான் போகிறது. நான் எடுத்த போட்டோக்களில் அதுவும் இருக்கிறது. உங்கள் கம்பெனிக்கும் அதே போட்டோக்களை அனுப்புங்கள். இருவர் சொல்வதும் ஒன்றாக இருந்தால் இரண்டு பேருக்குமே சிக்கல் இல்லை.

சர்வேயர் பார்க்கும்வரை மரத்தை அறுக்க வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். மழை உள்ளே வராமலிருக்க தார்ப்பாய் மட்டும் கட்டியிருக்கிறேன், பில் கையில் இருக்கிறது. மரம் அறுக்க வருகிறவர் தண்டை எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார், உங்கள் சம்மதம் தெரிந்தால்தான் அவருக்குப் பதில் சொல்ல முடியும். காய்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டேன், பாதிக்கு மேல் இளநீர்தான்.

நான் இன்று மாலைக்குள் என் கம்பெனிக்குச் சொல்லிவிடுவேன். கிளைம் படிவத்தை முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும். நீங்களும் நாளைக்குள் சொல்லிவிட்டு, அவர்கள் தரும் கிளைம் எண்ணை எனக்கு வாட்ஸப்பில் அனுப்புங்கள், என்னுடையதை நானும் அனுப்புகிறேன். சர்வேயர் வரும் நாளில் நீங்களோ தம்பியோ திருச்சியிலிருந்து வந்துபோக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் உங்கள் கொல்லைச் சாவியை யாரிடம் வாங்குவது என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
முருகேசன்

இணைப்பு: போட்டோக்கள், ஆசாரியின் மதிப்பீடு, தார்ப்பாய் பில் நகல்