பெற்றோரைக் குடும்ப உடல்நலக் காப்பீட்டில் சேர்க்கக் கோரும் கடிதம்

அனுப்புநர்:
ஆ. சுகன்யா,
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.

பெறுநர்:
கிளை மேலாளர்,
உடல்நலக் காப்பீட்டுப் பிரிவு,
கோயம்புத்தூர் கிளை.

நாள்: 12.03.2026

பொருள்: 9.5.2026 அன்று புதுப்பிக்க வேண்டிய குடும்ப பாலிசியில் என் அப்பா, அம்மாவைச் சேர்ப்பதும், அவர்களுக்கு ஏற்கெனவே உள்ள நோய்களைத் தெரிவிப்பதும்.

மதிப்புக்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். 2021 மே மாதத்திலிருந்து நான், என் கணவர் கார்த்திகேயன், மகள் மூவரும் உங்களிடம் 10 லட்சம் ரூபாய்க்குக் குடும்ப பாலிசி வைத்திருக்கிறோம். ஒரு வருடம்கூட விட்டுப்போகாமல் புதுப்பித்திருக்கிறோம். இந்த முறை புதுப்பிக்கும்போது என் அப்பா ஆறுமுகம் (வயது 68), அம்மா சரஸ்வதி (வயது 63) இருவரையும் சேர்க்க விரும்புகிறேன். இருவரும் சோமனூரில் தனியாக இருக்கிறார்கள்.

முன்மொழிவுப் படிவத்தை நிரப்பி இணைத்திருக்கிறேன். நோய் விவரம் எழுத அதில் விட்டிருக்கும் கட்டம் இரண்டு வரிக்குத்தான் போதும். அதனால்தான் இந்தக் கடிதம். இதையும் படிவத்தின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் அப்பா. நாற்பது வருடம் விசைத்தறி ஓட்டியவர். 2019 ஆகஸ்டில் நெஞ்சுவலி வந்து ஆஞ்சியோ செய்ததில் ஒரு ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது. அதே சேர்க்கையில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். செலவு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் போனது. அதன்பிறகு நெஞ்சுவலிக்காக அவர் மருத்துவமனையில் சேர்ந்ததில்லை. குளோபிடோக்ரெல் மாத்திரையை ஒரு வருடத்துக்குப் பிறகு இதய மருத்துவரே நிறுத்திவிட்டார். ஆஸ்பிரின் 75, அட்டோர்வாஸ்டாட்டின் 40, டெல்மிசார்டன் 40 இன்றும் தொடர்கின்றன. கடந்த நவம்பரில் எடுத்த எக்கோவில் இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறன் 55 சதவீதம் என்று வந்திருக்கிறது.

சுகர் 2014-இல் தெரியவந்தது. மெட்ஃபார்மின் 500 காலை, இரவு. கிளிமெபிரைடு 1 காலையில். இன்சுலின் போட்டதில்லை. ஜனவரியில் எடுத்த மூன்று மாதச் சராசரி 7.6. காலில் புண்ணோ, சிறுநீரகக் கோளாறோ இதுவரை இல்லை, கிரியேட்டினின் 1.1. வலது கண்ணில் 2022-இல் புரை அறுவை செய்து லென்ஸ் வைத்தாகிவிட்டது. இடது கண்ணிலும் புரை தொடங்கியிருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார், அவசரமில்லை என்றார். ஸ்டென்ட் வைக்கும்வரை தினமும் ஒரு கட்டு பீடி குடித்தார். அதற்குப் பிறகு தொடவில்லை என்று அவர் சொல்கிறார், அம்மாவும் அதையே சொல்கிறார். தறிச் சத்தத்தில் காது மந்தம். சிகிச்சை எதுவும் எடுக்கவில்லை.

இந்தக் காது விஷயத்தைத் தனியாகக் குறிப்பிடக் காரணம் உண்டு. வயதானவர்களைச் சேர்க்கும்போது உங்கள் மருத்துவர் போனில் அழைத்துக் கேள்வி கேட்பார் என்று தெரியும். அப்பாவுக்குப் போனில் பாதி விளங்காது. விளங்கினாலும் "உடம்புக்கு எப்படி இருக்கு?" என்று யார் கேட்டாலும், "ஒண்ணுமில்லைங்க, நல்லா இருக்கேன்" என்பதுதான் அவர் பதில். ஸ்டென்ட் வைத்த மூன்றாம் நாள் பார்க்க வந்த சொந்தக்காரர்களிடமும் அதையேதான் சொன்னார். அந்த "நல்லா இருக்கேன்" ஒலிப்பதிவாகி, நாளைக்கு ஒரு கிளெய்மில் எங்களுக்கு எதிராக வந்து நிற்கக் கூடாது. எனவே அந்த அழைப்பு நானும் கூட இருக்கும் நேரத்தில், என் எண்ணுக்கு வரட்டும். நேரில் பரிசோதனை வைத்தால் இன்னும் நல்லது, இருவரையும் நானே அழைத்து வருகிறேன். அவர் வாய்மொழிக்கும் இந்தக் கடிதத்துக்கும் முரண் வந்தால் கடிதத்தில் உள்ளதையே பதிவு செய்யுங்கள்.

அம்மாவுக்கு 2017 முதல் ரத்த அழுத்தம் உண்டு, அம்லோடிபின் 5. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. தைராய்டு குறைவுக்கு தைராக்ஸின் 50 மைக்ரோகிராம். 2008-இல் நார்த்திசுக் கட்டிக்காகக் கருப்பையை எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை என்ற திசுப் பரிசோதனை அறிக்கை இருக்கிறது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், வலது கால் அதிகம். மாற்று அறுவை பற்றி எலும்பு மருத்துவர் கடந்த வருடம் பேச்செடுத்தார். "தள்ளும்வரை தள்ளுவோம்" என்று அம்மா சொல்லிவிட்டார். நாளைக்கே அறுவைக்கு வந்து நிற்கும் திட்டம் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு நடந்தது உண்மை, மருத்துவரின் சீட்டிலும் இருக்கிறது.

ஒன்றுக்கு மட்டும் காகிதம் இல்லை. 2023 மே மாத வெயிலில் அம்மா மயங்கி விழுந்து, அரசு மருத்துவமனையில் ஓர் இரவு இருந்தார். சோடியம் குறைந்திருந்ததாகச் சொல்லி, டிரிப்ஸ் ஏற்றி மறுநாள் அனுப்பினார்கள். அந்தச் சீட்டு தொலைந்துவிட்டது. அதற்குப் பின் எடுத்த ரத்தப் பரிசோதனைகளில் சோடியம் சரியாக இருக்கிறது. அவற்றின் நகல்களை வைத்திருக்கிறேன்.

என்னிடம் பேசிய முகவர் ஒருவர், "ஸ்டென்ட் வைத்து ஆறு வருஷத்துக்கு மேல் ஆச்சு, சுகரை மட்டும் போடுங்க, பிரீமியம் குறையும்" என்றார். அவர் நல்லதென்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார். ஆனால் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவருக்கு அது பழைய கதை இல்லை. மறைத்துச் சேர்த்துவிட்டு, ஐ.சி.யு. வாசலில் கிளெய்ம் நிராகரிப்பைக் கையில் வாங்குவதைவிட, இன்றைக்கே நீங்கள் கூடுதல் பிரீமியம் கேட்பதோ முடியாது என்பதோ மேல்.

முடிவு எதுவானாலும் எழுத்தில் தெரிவியுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் 36 மாதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதி. உங்கள் பாலிசியில் இதயம், சுகர், ரத்த அழுத்தம் ஒவ்வொன்றுக்கும் எத்தனை மாதம்? மூட்டு மாற்றுக்கும் கண்புரைக்கும் தனிக் காத்திருப்பு இருந்தால் அது எவ்வளவு? கிளெய்மில் எங்கள் பங்காக இத்தனை சதவீதம் என்று கோ-பே போடுவீர்களானால், அது அப்பா அம்மாவுக்கு மட்டுமா, எங்கள் மூவருக்குமா?

எனக்குள்ள பெரிய கவலை வேறு. எங்கள் மூவருக்கும் தொடர்ச்சியான 60 மாதம் இந்த மே மாதத்தோடு முடிகிறது. பெற்றோரைச் சேர்ப்பதால் அந்தக் கணக்கு மறுபடி பூஜ்ஜியத்தில் தொடங்கக் கூடாது. புதிதாகத் தொடங்குவது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் என்று உறுதி வேண்டும். அப்புறம், குடும்ப பாலிசியில் மூத்தவரின் வயதை வைத்தே பிரீமியம் போடுவது வழக்கம் என்பதால் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு தொகையும், அப்பா அம்மாவுக்குத் தனி பாலிசி என்றால் ஒரு தொகையும், இரண்டையும் கொடுங்கள். தனியாக எடுப்பதே லாபம் என்றால் அதையே எடுக்கிறேன். 10 லட்சத்தை ஐந்து பேர் பங்கு போடுவதிலும் எனக்கு யோசனை இருக்கிறது.

ஏப்ரல் 10-க்குள் பதில் கிடைத்தால், நீங்கள் மறுத்தாலும் வேறு இடத்தில் கேட்க எங்களுக்கு நேரம் இருக்கும். இந்தக் கடிதத்தின் இரண்டாம் பிரதியில் தேதியோடு முத்திரை வைத்துத் திருப்பித் தரவும். பாலிசி வரும்போது, இங்கே சொன்ன எல்லா நோய்களும் அதில் அச்சாகியிருக்கின்றனவா என்று பார்ப்பேன். ஒன்று விட்டுப்போனாலும் திருத்தித் தரக் கேட்பேன்.

அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரி, ஆஞ்சியோ, எக்கோ அறிக்கைகள், இருவரின் ரத்தப் பரிசோதனைகள், மருந்துச் சீட்டுகள், அம்மாவின் 2008 திசுப் பரிசோதனை அறிக்கை, முழங்கால் எக்ஸ்ரே, இருவரின் ஆதார் நகல், எங்கள் நடப்பு பாலிசி நகல் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

இதில் உள்ளதை அப்பா, அம்மா இருவருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். இருவரும் கீழே கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஆ. சுகன்யா
(பாலிசிதாரர்)

ஆறுமுகம்
சரஸ்வதி