அப்பத்தா கடுதாசி

சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

என் ராசாத்திக்கு,

வீடியோ கால் பழகிட்டேன் ஆத்தா. முதல் நாள் போனைக் காதுல வச்சுட்டேன். உனக்கு என் தோடு மட்டும்தான் தெரிஞ்சிருக்கும். என்னா சிரிப்பு சிரிச்சே, கழுதை! இப்ப சீனி டப்பாவுல சாய்ச்சு வச்சுக்கிறேன். சிவப்புப் பொத்தான்ல விரல் பட்டா கட்டாயிடுது, அதனால கையை மடியை விட்டு எடுக்கிறதில்லை.

இங்கே ராத்திரி ஒன்பதுன்னா காரைக்குடியில ஆறரை, விளக்கேத்துற நேரம். அப்பக் கூப்பிடு. உன் முகத்தைக் காட்டிட்டு, போனைத் திருப்பி வளவையும் காட்டு. ஆத்தங்குடிக் கல்லுல அந்த விரிசல் பெருசாயிருச்சான்னு பாக்கணும். மெதுவா நட, போன தடவை எனக்குத் தலை சுத்திருச்சு.

உன் அப்பன் முகத்தைக் காட்டாம விசிறியவே காட்டுறான், சொல்லி வை.

அப்பத்தா